கிடங்கில் இருக்கும் மூட்டை யாருடையது?

ஒருவர் தமக்குச் சொந்தமான அசையும் பொருளை ஒரு விலைக்கு இன்னொருவருக்குச் சொந்தமாக்கினால் அது விற்பனை. இந்தியாவில் இதை ஆளுவது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இதே விதிகள் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாக இருந்தன. நிலமும் வீடும் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் வெட்டித் தருவதாகப் பேசிய மரமும், வயலில் நிற்கும் பயிரும், கம்பெனிப் பங்கும் வரும். 1893-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டதால் பழைய ஆங்கிலத் தீர்ப்புகளை இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்துப் பேசுகிறார்கள். இலங்கையின் 1896-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைக் கட்டளைச் சட்டமும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான்.

பேசி முடித்த சரக்கு கைக்கு வருவதற்குள் எரிந்தோ நனைந்தோ திருட்டுப் போயோ விட்டால் நட்டம் யாருக்கு என்பதில்தான் வியாபாரத் தகராறுகள் பல தொடங்குகின்றன. பணம் கொடுத்தால்தான் பொருள் நம்முடையது என்பார் ஒருவர். கைக்கு வந்தால்தான் நம்முடையது என்பார் இன்னொருவர். சட்டம் இரண்டையும் ஏற்கவில்லை. உடைமை எப்போது மாறவேண்டும் என்று இரு தரப்பாரும் எண்ணினார்களோ அப்போதே மாறுகிறது. உடைமை யாரிடமோ, நட்டமும் அவருக்கே என்கிறது சட்டத்தின் 26-ஆம் பிரிவு. பொருள் யார் கையில் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை.

இந்த விதியின் கடுமையை 1827-இல் தீர்ப்பான ஓர் ஆங்கில வழக்கு காட்டும். ஒருவர் தம் நிலத்தில் நின்ற உலர்புல் போர் ஒன்றை ஜனவரியில் விற்றார். பணம் ஒரு மாதம் கழித்துத் தருவதாகவும், போர் மே மாதம் வரை அங்கேயே நிற்கலாம் என்றும் பேச்சு. பணம் தரும்வரை புல்லை வெட்டக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை. அந்த மாதமே போர் தீப்பற்றி எரிந்தது. வாங்கியவர் ஒரு கட்டுப் புல்லைக்கூட எடுக்கவில்லை, ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனாலும் முழு விலையையும் அவர் கொடுக்கவேண்டும் என்றது நீதிமன்றம். இந்தப் போர்தான் என்று சுட்டிக்காட்டி வாங்கியாயிற்று, அதில் விற்றவர் செய்யவேண்டிய வேலை எதுவும் பாக்கியில்லை, ஆகவே பேச்சு முடிந்த கணமே அது வாங்கியவருடையது என்பதே காரணம். நம் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பணமோ ஒப்படைப்போ பின்னால் என்று தள்ளி வைத்திருந்தாலும் உடைமை அப்போதே மாறிவிடும்.

இது வாங்குபவருக்கு எப்போதும் பாதகம் என்றும் சொல்லமுடியாது. விற்றவர் இடையில் நொடித்துப்போனால், உடைமை மாறிய சரக்கைத் தம்முடையது என்று வாங்கியவர் கேட்டு எடுக்கலாம். உடைமை மாறாவிட்டால் கடன்காரர்கள் வரிசையில் கடைசியாக நிற்கவேண்டியதுதான். விற்றவர் அதே சரக்கை விவரம் அறியாத இன்னொருவருக்கு விற்று ஒப்படைத்துவிட்டால் மட்டும் முதலில் வாங்கியவர் சரக்கை இழப்பார். பிறகு விற்றவர் மேல் வழக்குப் போடும் உரிமை ஒன்றே மிஞ்சும். பணம் முழுதும் கட்டிய சரக்கை விற்றவர் கிடங்கிலேயே போட்டு வைப்பதில் இருக்கும் உண்மையான ஆபத்து தீயைவிட இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

வீட்டுச் சாமான் வாங்குவதிலும் இதே கணக்கு உண்டு. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி, "இதையே எடுத்துக்கொள்கிறேன், நாளைக்கு அனுப்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெட்டி அன்றைக்கே அவருடையது. அன்றிரவு கடைக்குள் வெள்ளம் புகுந்தால் சட்டத்தின் நேர்ப்பொருளில் நட்டம் அவருடையது. அதே மாடலில் ஒன்று வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் கதை வேறு. கிடங்கில் உள்ள 20 பெட்டிகளில் எது அவருடையது என்று யாரும் இன்னும் தீர்மானிக்கவில்லை. எது என்று தெரியாத பொருளின் உடைமை மாறவே முடியாது என்கிறது 18-ஆம் பிரிவு. அடுத்த நாள் அனுப்புவதாகச் சொன்ன கடைக்காரர் சோம்பலால் நான்கு நாள் தாமதித்து, அந்த இடைவெளியில் வெள்ளம் வந்திருந்தால், முதல் வகையிலும்கூட நட்டம் கடைக்காரருக்கே. தாமதத்துக்கு யார் காரணமோ அந்தத் தாமதத்தால் வந்த இழப்பையும் அவரே சுமக்கவேண்டும். வாங்கியவர் எடுத்துக்கொள்ளத் தாமதித்தாலும் இதே விதிதான். இங்கிலாந்து இந்த நிலையை மாற்றிக்கொண்டுவிட்டது. அங்கே 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருள் நுகர்வோர் கைக்கு வரும்வரை நட்டம் கடைக்காரருடையது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு மாற்றம் வரவில்லை.

நூறு மூட்டை மஞ்சள்

மொத்த வியாபாரத்தில் உடைமை படிப்படியாக நகர்வதை ஒரு கற்பனை வியாபாரத்தைக் கொண்டு பார்க்கலாம். மதுரையில் மசாலாத் தூள் அரைக்கும் ஒருவர் ஈரோட்டுக்குப் போய், ஒரு வியாபாரியின் கிடங்கில் மாதிரி பார்க்கிறார். விரலி மஞ்சள், நன்றாகக் காய்ந்தது, உடைத்தால் உள்ளே ஆரஞ்சு நிறம். கிடங்கில் 400 மூட்டை அடுக்கியிருக்கிறது. அதில் 100 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ, குவிண்டால் 12,000 ரூபாய் என்று பேசி முடிக்கிறார்கள். மொத்தம் 60 குவிண்டால், விலை 7,20,000 ரூபாய். அவர் முன்பணமாக 2,00,000 ரூபாய் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார்.

அன்றிரவு கிடங்கு எரிந்தால் நட்டம் ஈரோட்டு வியாபாரிக்கு. மாதிரி பார்த்ததும் முன்பணம் கொடுத்ததும் உடைமையை மாற்றவில்லை, ஏனென்றால் 400-இல் எந்த 100 என்பது தெரியாது. முன்பணத்தை அவர் திருப்பித் தரவேண்டும். மதுரைக்காரர் முழுப் பணத்தையும் கட்டியிருந்தாலும் விடை இதுவே.

மறுநாள் கிடங்கில் வேலை செய்பவர்கள் 100 மூட்டையைத் தனியாக எடுத்து, எடை போட்டு, ஒவ்வொன்றின் மேலும் மதுரைக்காரரின் குறியைப் போடுகிறார்கள். வியாபாரி தொலைபேசியில் விவரம் சொல்ல, "சரி, லாரி கிடைத்ததும் ஏற்றிவிடுங்கள்" என்று மறுமுனையில் பதில் வருகிறது. இந்தச் சம்மதத்தோடு உடைமை மாறிவிட்டது. ஒரு தரப்பு ஒதுக்கி மறு தரப்பு ஒப்புக்கொள்வதை 23-ஆம் பிரிவு உடைமை மாறும் தருணமாக வைக்கிறது. இப்போது கிடங்கு எரிந்தால், மூட்டைகள் ஈரோட்டிலேயே இருந்தாலும் நட்டம் மதுரைக்கு. இருப்பில் உள்ளதைக் கிடங்கில் உள்ளவருக்குத் தெரியாமல் காப்பீடு செய்துகொள்ள யாரும் நினைப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் காப்பீடே இல்லாத சரக்கு எரிந்துபோகிறது.

எடை போடுவதில் ஒரு நுட்பம் உண்டு. மதுரைக்காரர் கிடங்கில் இருந்த 400 மூட்டையையும் மொத்தமாகக் குவிண்டால் விலைக்குப் பேசியிருந்தால், எது என்ற ஐயம் கிடையாது. ஆனாலும் விலையைக் கணக்கிட விற்பவர் எடை போடவேண்டியிருந்தால், எடை போட்டு வாங்குபவருக்குத் தெரிவிக்கும்வரை உடைமை மாறாது. எடை போடவேண்டியவர் விற்பவராக இருக்கவேண்டும் என்பது முக்கியம். தமது ஆலையில் இறக்கியபின் சரிபார்த்துக்கொள்ள வாங்குபவர் தாமே எடை போடுவதாக இருந்தால், அதற்காக உடைமை காத்திருக்காது. செய்து முடிக்கவேண்டிய வேலைக்கும் இதே தர்க்கம். 1922-இல் தீர்ப்பான ஓர் ஆங்கில வழக்கில், கான்கிரீட்டில் பதித்திருந்த 30 டன் எடையுள்ள எந்திரத்தைப் பெயர்த்து ரயிலில் ஏற்றித் தருவதாக விற்பவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஏற்றும்போது எந்திரம் சேதமானது. பெயர்த்து ஏற்றும் வேலை முடியவில்லை, ஆகவே எந்திரம் இன்னும் விற்பவருடையதே என்று முடிவானது.

மஞ்சளுக்குத் திரும்பினால், மூட்டைகளைத் தனியாக ஒதுக்காமல் நேராக லாரியில் ஏற்றியிருந்தாலும் விளைவு பெரும்பாலும் ஒன்றுதான். வாங்கியவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி லாரிக் கம்பெனியிடம் சரக்கை ஒப்படைத்தால் அதுவே ஒதுக்கீடு ஆகிவிடும். லாரியை ஏற்பாடு செய்தது யார் என்பது பொருட்டல்ல. கரூர் தாண்டி மழையில் நனைந்தால் நனைந்தது மதுரைக்காரரின் மஞ்சள். இதற்கு மூன்று விலக்குகள் உண்டு. மூன்றுமே நடைமுறையில் அடிக்கடி வருபவை.

முதலாவது, பணம் வரும்வரை சரக்கை விடமாட்டேன் என்று விற்பவர் பிடித்து வைப்பது. லாரி ரசீதையோ ரயில் ரசீதையோ தம் பெயருக்கே போட்டு, வங்கி வழியாக அனுப்பி, பணம் கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளச் சொல்வது வியாபாரத்தில் பழக்கம். இப்படிச் செய்தால் உடைமை விற்பவரிடமே தங்கும், வழியில் ஏற்படும் நட்டமும் அவரிடமே தங்கும். பணத்துக்குப் பாதுகாப்புத் தேடுகிறவர் அதோடு நட்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, அனுப்பும் முறையில் கவனக்குறைவு. சரக்கின் தன்மைக்கு ஏற்ற ஏற்பாட்டைச் செய்வது விற்பவரின் கடமை. ஐப்பசி மழையில் தார்ப்பாய் இல்லாத லாரியில் மஞ்சளை அனுப்பிவிட்டு, லாரியில் ஏற்றியதோடு என் வேலை முடிந்தது என்று அவர் சொல்லமுடியாது. வாங்கியவர் அதை ஒப்படைப்பாக ஏற்க மறுக்கலாம் அல்லது நட்டஈடு கேட்கலாம்.

மூன்றாவது, பலருடைய சரக்கைக் குறி போடாமல் ஒன்றாக அனுப்புவது. 1917-ஆம் ஆண்டு மீன் வழக்கு இதற்கு நல்ல சான்று. அயர்லாந்திலிருந்து 190 பெட்டி கானாங்கெளுத்தி மீனை ஒருவர் ரயிலில் அனுப்பினார். அதில் 20 பெட்டி லண்டன் வியாபாரி ஒருவருக்கு, மீதி வேறு இருவருக்கு. இடையில் ஹோலிஹெட் துறைமுகத்தில் ரயில்வே ஊழியர்கள் பிரித்து அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு. அங்கே பிரிப்பதற்கு முன்பே ரயில் தாமதமாகி மீன் கெட்டது. எந்த 20 பெட்டி என்பது தீர்மானமாகாதபோதே மீன் கெட்டுவிட்டதால் நட்டம் அனுப்பியவருக்கே என்று தீர்ப்பானது. நம் லாரியில் மூன்று ஊர் வியாபாரிகளின் 300 மூட்டையும் குறியில்லாமல் கலந்து ஏறியிருந்தால் விடை இதேதான்.

சரக்கை மதுரைக் கடை வாசலில் தம் பொறுப்பில் சேர்ப்பதாக ஈரோட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருந்தால் வழியில் நடப்பது பெரும்பாலும் அவர் பாடு. அப்போதும் பயணத்தில் தவிர்க்கவே முடியாத தேய்மானம் மட்டும் வாங்குபவருடையது. மஞ்சளில் இது எடையில் சிறு குறைவாகத்தான் தெரியும். தக்காளி, வாழைத்தாரில் இந்த ஒரு விதியே லாபத்தைத் தின்றுவிடும். இவை எல்லாமே வேறு பேச்சு இல்லாதபோது பொருந்தும் விதிகள். "மதுரைக் கிடங்கில் இறக்கும்வரை நட்டம் விற்பவருடையது" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இத்தனை ஆராய்ச்சிக்கும் வேலை இல்லை.

பேசாமலே அடங்கியிருக்கும் நிபந்தனைகள்

மூட்டைகள் நனையாமல் வந்து சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். பிரித்தால் மேல் அடுக்கில் விரலி, கீழே பாதிக்குமேல் கிழங்கு மஞ்சள். ஒப்பந்தத்தில் தரத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. ஆனாலும் எழுதாத சில நிபந்தனைகளைச் சட்டம் தானே அந்த ஒப்பந்தத்துக்குள் வைக்கிறது. "விரலி" என்று வர்ணித்து விற்றால் விரலியாக இருக்கவேண்டும். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் மாதிரியின் தரத்தில் இருக்கவேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பும் தரவேண்டும். வர்ணனையும் மாதிரியும் இரண்டும் இருந்தால் இரண்டோடும் பொருந்தவேண்டும். ஒன்று சரி, மற்றது தவறு என்றால் போதாது.

மாதிரியும் சரக்கும் அச்சாக ஒன்றாக இருந்தும் சரக்கு கெட்டதாக இருக்கலாம். மஞ்சளில் இதற்கு ஒரு கொடிய உதாரணம் உண்டு. நிறம் பளிச்சென்று தெரிவதற்காக விரலியை மெருகேற்றும்போது ஈயக் குரோமேட் என்ற நஞ்சைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாதிரியிலும் அது இருக்கும், மூட்டையிலும் இருக்கும். கண்ணால் பார்த்து, உடைத்து, முகர்ந்து பார்க்கும் வியாபாரிக்கு அது தெரியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். மாதிரியை நியாயமாகச் சோதித்தாலும் வெளிப்படாத, சரக்கை விற்கவே தகுதியற்றதாக்கும் குறை இருக்கக்கூடாது என்பதும் 17-ஆம் பிரிவில் அடங்கிய நிபந்தனை. "மாதிரியைத்தான் பார்த்தீர்களே" என்ற பதில் இங்கே செல்லாது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வரும் தண்டனை இதற்கு மேல் தனி.

நிபந்தனை மீறப்பட்டால் வாங்கியவர் சரக்கையே மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்குப் பக்கவாட்டில் நிற்கும் சிறு வாக்குறுதி மீறப்பட்டால் நட்டஈடு மட்டும்தான் கிடைக்கும். சட்டம் அதை உத்தரவாதம் என்று தனியாக வைக்கிறது. மறுக்கும் உரிமை பெரிய உரிமை, ஆனால் எளிதில் நழுவிப்போகும் உரிமையும் அதுவே. ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னாலும், விற்றவரின் உடைமைக்கு முரணான காரியம் ஒன்றைச் சரக்கில் செய்தாலும், மறுக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலும் சரக்கை ஏற்றதாகவே கொள்ளப்படும். மதுரைக்காரர் கிழங்கு கலந்திருப்பதைப் பார்த்தும் 20 மூட்டையை அரைத்துவிட்டால், மொத்தமாகப் பேசிய அந்த ஒப்பந்தத்தில் சரக்கை மறுக்கும் உரிமை போயிற்று. அப்புறம் அவருக்கு மிஞ்சுவது மதிப்புக் குறைவு. கலப்பு மஞ்சள் சந்தையில் குவிண்டாலுக்கு 10,000 ரூபாய்தான் போகும் என்றால், 60 குவிண்டாலுக்கு 1,20,000 ரூபாய். விலை பாக்கியிலிருந்து அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். அரைக்காமல் உடனே மறுத்திருந்தால் கொடுத்த பணம் முழுவதையும் கேட்டிருக்கலாம். விரலியை மட்டும் வைத்துக்கொண்டு கிழங்கை மறுக்கும் வழியும் அவருக்கு இருந்தது.

உடைமை மாறுவதும் தரமும் ஒரு காலத்தில் சட்டத்தில் மோசமாகப் பிணைந்திருந்தன. குறிப்பிட்ட ஒரு பொருளின் உடைமை வாங்குபவருக்கு மாறிவிட்டால், குறை இருந்தாலும் அதை மறுக்கமுடியாது என்று 13-ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. பேச்சு முடிந்த கணமே உடைமை மாறிவிடும் என்பதால், கடையில் சுட்டிக்காட்டி வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பதற்குள்ளேயே மறுக்கும் உரிமை போயிருக்கும். 1963-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசகத்தை நீக்கியது. செய்யவேண்டியதைச் செய்த சின்னத் திருத்தம் அது.

கடையில் வாங்கும் சாதாரண ஆளுக்கு

வாங்குபவர்தான் பார்த்து வாங்கவேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய விதி. நம் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் தரத்துக்கு உள்ளடங்கிய நிபந்தனை எதுவும் இல்லை என்று அந்த விதியோடுதான் தொடங்குகிறது. ஆனால் அடுத்து வரும் விலக்குகளில் விதி ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, அந்தச் சரக்கை வழக்கமாக விற்கும் கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவவேண்டும். அப்படிச் சொல்லாவிட்டாலும், அந்த வகைச் சரக்கை வியாபாரமாக விற்பவரிடம் வாங்கியது அந்தப் பெயரில் சந்தையில் விலைபோகும் தரத்தில் இருக்கவேண்டும்.

காரியத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியமும் பல நேரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1931-இல் கிராண்ட் என்ற மருத்துவர் ஒரு கடையில் கம்பளி உள்ளாடை வாங்கினார். துவைக்காமல் அணிந்ததும் தோலில் அரிப்புத் தொடங்கி, கடுமையான தோல் நோயாக முற்றி, நீண்ட காலம் சிகிச்சை பெற நேர்ந்தது. தயாரிப்பில் பயன்படுத்திய கந்தக உப்பு சரியாக அலசப்படாமல் துணியில் தங்கியிருந்தது. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போனது. அன்று இந்தியாவுக்கும் மேல்முறையீட்டின் கடைசிப் படி அதுவே. உள்ளாடையை உடம்பில் போட்டுக்கொள்ளத்தான் வாங்குவார்கள் என்பதைக் கடைக்காரருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை, நல்ல சரக்கைத் தேர்ந்து வைத்திருப்பார் என்று நம்பித்தான் மக்கள் ஒரு கடைக்குப் போகிறார்கள் என்று மருத்துவர் பக்கம் தீர்ப்பானது. கண்ணெதிரே மேசைமேல் இருக்கும் பொருளை வாங்கினாலும் அது வர்ணித்து விற்றதாகவே ஆகும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. கடைக்காரர் மேல் தவறு இருந்ததா என்ற கேள்வியே இந்த நிபந்தனையில் எழுவதில்லை. மூடி முத்திரையிட்ட டப்பாவுக்குள் இருப்பது அவருக்குத் தெரியாமலிருந்தாலும் பொறுப்பு அவருடையது. பிறகு அவர் தமக்கு விற்றவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு எல்லைகளும் உண்டு. கடைக்காரர் யோசனையைக் கேட்காமல், இந்தப் பெயருள்ள இன்ன மாடல்தான் வேண்டும் என்று வாங்கினால், அது நம் காரியத்துக்கு உதவும் என்ற பொறுப்பு அவருக்கில்லை. ஆனால் சந்தைத் தரத்தில் இருக்கவேண்டும் என்பது அப்போதும் உண்டு. வாங்குமுன் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளைப் பிறகு சொல்லமுடியாது. பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய ஸ்கூட்டரை விற்றால் அவர் வியாபாரி அல்ல. தரத்தைப் பற்றிய உள்ளடங்கிய நிபந்தனை அங்கே இல்லை, வண்டி அவருக்குச் சொந்தமானது என்பதற்கு மட்டுமே அவர் பொறுப்பு. அங்கே பழைய விதி முழு பலத்தோடு நிற்கிறது, ஆகவே மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்க்கவேண்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற அச்சு வாசகத்துக்கு எவ்வளவு மதிப்பு? வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் இந்த நிபந்தனைகளை விலக்கிக்கொள்ளலாம் என்று 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. பேச்சு முடிந்து பணம் வாங்கியபின் நீட்டப்படும் ரசீதின் பின்பக்கத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டதாகச் சொல்வது கடினம். நுகர்வோரைப் பொறுத்தவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தராததும் நேர்மையற்ற வணிக நடைமுறை. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பதற்கு இந்தச் சட்டம் உதவாது.

மறுப்பதென்று முடிவெடுத்தவர் குறை தெரிந்த உடனே விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளைத் தொடாமல் வைத்திருக்கவேண்டும். தம் செலவில் திருப்பி அனுப்பவேண்டிய கடமை அவருக்கில்லை என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. விற்றவரே வந்து எடுத்துக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். மறுவிற்பனைக்கோ தொழிலுக்கோ வாங்கிய மதுரைக்காரருக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. அவர் 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.